950 ரூபாய்க்கு வாங்கிய பத்திரத்தின் வட்டி எவ்வளவு?

ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரம் சந்தையில் விலைக்கு வருகிறது. முகமதிப்பு 1,000 ரூபாய். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி. முதிர்வுக்கு இன்னும் சரியாக 5 ஆண்டுகள் இருக்கின்றன. இன்றைய விலை 950 ரூபாய். இந்தப் பத்திரத்தை இணையத்தில் பார்த்தால், பக்கத்திலேயே மூன்று வெவ்வேறு சதவீதங்கள் போட்டிருப்பார்கள். கூப்பன் 8 சதவீதம். நடப்பு ஈட்டம் 8.42 சதவீதம். மூன்றாவதாக ஒய்.டி.எம். என்ற பெயரில் 9.30 சதவீதம்.

முதல் இரண்டும் எங்கிருந்து வந்தன என்பது பார்த்த உடனே புரிந்துவிடும். கூப்பன் என்பது பத்திரத்தில் அச்சிட்ட வட்டி. 1,000 ரூபாய்க்கு 8 சதவீதம், ஆண்டுக்கு 80 ரூபாய். நீங்கள் கொடுப்பது 1,000 இல்லை, 950தான் என்பதால் அந்த 80ஐ 950ஆல் வகுத்தால் 8.42 வருகிறது. மூன்றாவது எண்தான் முதலீட்டாளரைக் குழப்புவது. எந்த எண்ணை எதால் வகுத்தாலும் 9.30 வராது. அது வகுத்து வந்த விடையே இல்லை. தேடிக் கண்டுபிடித்த விடை.

முதிர்வு வரையிலான ஈட்டம் என்று தமிழில் சொல்லப்படும் இந்த எண் விடை தேடும் கேள்வி இதுதான். இன்று 950 ரூபாய் கொடுக்கிறேன். அடுத்த நான்கு ஆண்டுகள், ஆண்டு முடிவில் 80 ரூபாய் வரும். ஐந்தாம் ஆண்டு முடிவில் கடைசி வட்டியும் அசலும் சேர்ந்து 1,080 ரூபாய் வரும். கொடுத்ததையும் வரப்போவதையும் சரிக்குச் சரியாக நிறுத்தும் ஒரே வட்டி விகிதம் எது?

சரிக்குச் சரி என்றால், நாளைய பணத்தை இன்றைய பணமாக மாற்றிப் பார்க்க வேண்டும். வட்டி 9 சதவீதம் என்றால், ஓராண்டு கழித்து வரும் 80 ரூபாயின் இன்றைய மதிப்பு 80ஐ 1.09ஆல் வகுத்தால் வரும் 73.39 ரூபாய். இரண்டாண்டு கழித்து வரும் 80ஐ 1.09ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும், 67.33 கிடைக்கும். இப்படி ஐந்து வரவுகளையும் இன்றைக்கு இழுத்துக் கூட்டினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகை 950ஆக அமையும்படியான வட்டி விகிதம் எதுவோ அதுவே ஒய்.டி.எம். ஒரு தொழிற்சாலைத் திட்டத்துக்கோ கட்டடத் திட்டத்துக்கோ இதே கணக்கைப் போட்டால் அதை அக ஈட்டு விகிதம் என்பார்கள், சுருக்கமாக ஐ.ஆர்.ஆர். பத்திரத்துக்குப் போட்டால் ஒய்.டி.எம். கணக்கு ஒன்றேதான்.

விகிதம் தெரிந்து விலையைக் கேட்டால் பள்ளிக்கூடக் கணக்கு. விலை தெரிந்து விகிதத்தைக் கேட்டால்தான் சிக்கல். தெரியாத அந்த விகிதம் ஐந்து இடங்களில், ஒன்றாம் படியில் தொடங்கி ஐந்தாம் படி வரை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்து ஒரு பக்கம் கொண்டுவர வழியில்லை. இருபடிச் சமன்பாட்டுக்கு வாய்பாடு உண்டு, முப்படிக்கும் நாற்படிக்கும்கூட உண்டு. ஐந்தாம் படியிலும் அதற்கு மேலும் எல்லாச் சமன்பாடுகளுக்கும் பொருந்தும் அப்படிப்பட்ட வாய்பாடு இருக்கவே முடியாது என்று நார்வே நாட்டுக் கணித மேதை நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் 1824இல் நிறுவிவிட்டார். 5 ஆண்டுப் பத்திரமே ஐந்தாம் படி. ஆண்டுக்கு இருமுறை வட்டி தரும் 10 ஆண்டு அரசுப் பத்திரம் இருபதாம் படி. ஆகவே ஊகித்துப் போட்டுப் பார்த்து, தவறு எவ்வளவு என்று அளந்து, திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊகம் என்றவுடன் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதாக நினைக்க வேண்டாம். நல்ல முதல் ஊகத்துக்கு எளிய வழி உண்டு. ஆண்டு வட்டி 80 ரூபாய். அதோடு 950க்கு வாங்கி 1,000 வாங்கப் போவதில் 50 ரூபாய் லாபம். அதை 5 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 10. மொத்தம் 90. முடங்கும் பணம் தொடக்கத்தில் 950, முடிவில் 1,000, சராசரி 975. 90ஐ 975ஆல் வகுத்தால் 9.23 சதவீதம். அந்த 50 ரூபாய் கடைசியில்தான் மொத்தமாக வருகிறது என்பதையும் கூட்டு வட்டியையும் இந்த வழி கண்டுகொள்ளவில்லை. அதனால் இதை விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விடை 9க்கும் 10க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று காட்டிவிடுகிறது. அது போதும்.

முதலில் 9 சதவீதம். ஐந்து வரவுகளின் இன்றைய மதிப்பு வரிசையாக 73.39, 67.33, 61.77, 56.67, கடைசியாக 1,080க்கு 701.93. பைசாவைச் சுருக்காமல் கூட்டினால் 961.10 ரூபாய். நாம் கொடுப்பது 950தான். 9 சதவீதம் போதும் என்பவர் இந்தப் பத்திரத்துக்கு 961.10 வரை கொடுக்கலாம். நமக்கு அதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றால் நம் விகிதம் 9ஐ விட அதிகம். இதில் பலர் தடுமாறுவார்கள்: மதிப்பு அதிகமாக வந்துவிட்டதே, விகிதத்தைக் குறைக்க வேண்டுமோ என்று. கிடையாது. விகிதம் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அது ஏறினால் மதிப்பு இறங்கும்.

அடுத்து 10 சதவீதம். அதே வகுத்தல்களைச் செய்து கூட்டினால் 924.18 ரூபாய். இது 950ஐ விடக் குறைவு. விடை இரண்டு ஊகங்களுக்கும் நடுவில் சிக்கிவிட்டது. ஒரு ஊகம் மேலேயும் மற்றொன்று கீழேயும் விழும் வரை அடுத்த படிக்குப் போகவே கூடாது.

இனி இடைச்செருகல், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வரும் அதே பாடம். விகிதம் 9லிருந்து 10க்கு ஏறும்போது மதிப்பு 961.10லிருந்து 924.18க்கு இறங்குகிறது, மொத்தம் 36.92 ரூபாய். நமக்கு வேண்டியது 961.10லிருந்து 950 வரை, அதாவது 11.10 ரூபாய் இறக்கம் மட்டும். முழு இறக்கத்தில் இது 0.30 பங்கு. ஆகவே விகிதத்திலும் 0.30 பங்கு ஏறினால் போதும். 9 சதவீதத்தோடு 0.30 சேர்த்தால் 9.30 சதவீதம். திரையில் பார்த்த எண் இதுதான்.

இங்கேயே எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 9.30ஐப் போட்டு மறுபடி மதிப்பைக் கண்டால் 949.83 வருகிறது. 950க்கு 17 பைசா குறைவு. ஆகவே உண்மையான விகிதம் 9.30க்கு ஒரு மயிரிழை கீழே இருக்கிறது. இந்தப் பிழை தற்செயலாக வந்ததல்ல. விகிதம் ஏற ஏற மதிப்பு இறங்குகிறது, ஆனால் ஒரே சீராக இறங்கவில்லை. தொடக்கத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் இறங்கும். வரைபடமாகப் போட்டால் கீழ்ப்புறம் தொய்ந்த வளைகோடு. நாமோ அதன் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து அந்தக் கோட்டில் விடையைப் படிக்கிறோம். நேர்கோடு எப்போதும் வளைவுக்கு மேலேயே போகும். ஆகவே விடையைச் சிக்கவைத்த இரண்டு ஊகங்களுக்கு நடுவில் செய்யும் இந்த இடைச்செருகல், சாதாரணப் பத்திரங்களில் உண்மையைவிடச் சற்றே கூடுதலான விகிதத்தையே தரும், குறைவாகத் தராது. பிழை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது கையில் கணக்குப் போடுபவருக்குப் பெரிய வசதி.

எவ்வளவு கூடுதல் என்பது இரண்டு ஊகங்களுக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தது. 9க்கும் 10க்கும் பதிலாக, அவசரத்தில் 8ஐயும் 12ஐயும் எடுத்திருந்தால்? 8 சதவீதத்தில் மதிப்பு முகமதிப்புக்குச் சமம், 1,000. 12 சதவீதத்தில் 855.81. நேர்கோடு போட்டால் விடை 9.39 சதவீதம் என்று வரும். பத்தில் ஒரு சதவீதத்துக்குக் கிட்டத்தட்டப் பிழை. ஒரே தரமுள்ள இரண்டு பத்திரங்களை ஒப்பிடும்போது முடிவையே மாற்றிவிடப் போதுமான அளவு அது. மாறாக இடைவெளியைக் குறுக்கி 9.2ஐயும் 9.3ஐயும் எடுத்தால் மதிப்புகள் 953.57, 949.83. இடைச்செருகினால் 9.295 சதவீதம், மூன்று தசம இடம் வரை சரி. பெரிய இடைவெளியில் ஒரு முறை, கிடைத்த விடையைச் சுற்றிச் சிறிய இடைவெளியில் மறுமுறை. கையால் செய்ய அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

கணினி வருவதற்கு முன் பத்திர வியாபாரிகள் இதற்கென்று அச்சிட்ட தடித்த அட்டவணைப் புத்தகங்களை வைத்திருந்தார்கள். வட்டிக்கும் ஆண்டுக்கும் ஏற்ற விலைகள் கட்டம் கட்டமாக இருக்கும். தங்கள் விலை இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழுந்தால் இடைச்செருகிக் கொள்வார்கள். 1973இல் வெளியான ஹெச்.பி.-80 கையடக்கக் கணிப்பானில் பத்திர ஈட்டக் கணக்கு உள்ளேயே பொதிந்து வந்தது. இன்று எக்செலில் ஒரு வரி தட்டினால் விடை வந்துவிடும்:

```
=RATE(5,80,-950,1000)
```

விடை 9.295 சதவீதம். 950க்கு முன் உள்ள கழித்தல் குறி, அது நம் கையிலிருந்து போகும் பணம் என்பதைச் சொல்கிறது. அதை மறந்தால் பிழைச் செய்திதான் வரும். இந்தக் கட்டளைக்கும் ரகசிய வாய்பாடு எதுவும் தெரியாது. அதுவும் ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகிக்கிறது. 20 முறைக்குள் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வராவிட்டால் #NUM! என்று கைவிரித்துவிடும்.

9.295 கிடைத்துவிட்டது. அதற்கு என்ன பொருள் என்று பார்க்க, பத்திரத்தை ஒரு வங்கிக் கணக்காகவும் கையில் ஒரு பாஸ்புக் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 950 ரூபாய் போடுகிறீர்கள். கணக்கு 9.295 சதவீதம் வட்டி தருகிறது. முதல் ஆண்டு வட்டி 88.31. அதில் 80ஐ எடுத்துக்கொள்கிறீர்கள். மீதி 8.31 அசலோடு சேர்ந்து இருப்பு 958.31 ஆகிறது. இரண்டாம் ஆண்டு அந்த இருப்புக்கு வட்டி 89.08, 80 போக இருப்பு 967.38. மூன்றாம் ஆண்டு முடிவில் 977.30. நான்காம் ஆண்டு முடிவில் 988.15. ஐந்தாம் ஆண்டு வட்டி 91.85 சேர்ந்து, 80ஐ எடுத்த பிறகு இருப்பு சரியாக 1,000. அதுதான் நிறுவனம் திருப்பித் தரும் அசல். கணக்கு நேராகிவிட்டது.

இந்த விகிதத்துக்கு அகம் என்ற அடைமொழி வந்த காரணம் இந்தப் பாஸ்புக்கிலேயே இருக்கிறது. பத்திரத்துக்கு உள்ளே கிடக்கும் பணம் மட்டும் ஆண்டுக்கு 9.295 சம்பாதிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வெளியே எடுத்த 80 ரூபாய் அதன் பிறகு என்ன ஆனது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. வெளியே இருக்கும் வங்கி வட்டியோ பணவீக்கமோ எதுவும் கணக்கில் நுழையவில்லை. விலை, வரவுகள், தேதிகள், இவ்வளவுதான்.

இதை விட்டுவிட்டுப் பலர் ஏமாறுவது ஐந்தாண்டு முடிவில். 950 ரூபாய் ஆண்டுக்கு 9.295 சதவீதக் கூட்டு வட்டியில் வளர்ந்தால் 1,481.60 ஆக வேண்டும். ஆனால் அந்தத் தொகை கைக்கு வர வேண்டுமானால், வந்த ஒவ்வொரு 80ஐயும் உடனுக்குடன் அதே 9.295 சதவீதத்தில் வேறெங்காவது போட்டு வைத்திருக்க வேண்டும். அவற்றை 6 சதவீத வைப்பில் போட்டவருக்கு முடிவில் கையில் இருப்பது 1,450.97. 950 இதுவாக வளர்ந்தது ஆண்டுக்கு 8.84 சதவீதம். சேமிப்பில் வட்டியே இல்லாமல் கிடத்தியவருக்கு 1,400, அதாவது 8.06 சதவீதம். ஒய்.டி.எம். பொய் சொல்லவில்லை. அது பத்திரத்தின் வட்டியைச் சொன்னது. உங்கள் செல்வம் எப்படி வளரும் என்பதில் பாதி, வட்டிப் பணத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. மாதச் செலவுக்காக வட்டியை எடுத்துக்கொள்ளும் ஓய்வூதியருக்கு இது கவலையே இல்லை. பிள்ளையின் படிப்புக்கென்று மொத்தத் தொகையை எதிர்பார்த்திருப்பவருக்கு இதுதான் முதல் கவலை.

நம் கணக்குக்கு விடை ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? பத்திரத்தில் பணம் ஒரே ஒரு முறை, தொடக்கத்தில், கையை விட்டுப் போகிறது. பிறகு வருவதெல்லாம் வரவு. விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனால் மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே 950ஐ ஒரே இடத்தில்தான் கடக்க முடியும். சுரங்கம் போன்ற திட்டங்களில் முடிவில் நிலத்தைச் சீரமைக்கப் பெரும் செலவு வரும். அங்கே பணம் முதலில் போய், நடுவில் வந்து, கடைசியில் மறுபடி போவதால் இரண்டு விகிதங்கள்கூட விடையாக வரலாம். பத்திரக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை.

வேறு தொல்லைகள் உண்டு. வாங்கும் நாள் வட்டி நாளாக அமைவது அபூர்வம். வட்டி கொடுத்து மூன்று மாதம் ஆன பிறகு அதே பத்திரத்தை வாங்குகிறீர்கள், விலைப் பட்டியலில் 950 என்றே இருக்கிறது என்று வையுங்கள். ஆனால் அந்த மூன்று மாதத்துக்குச் சேர்ந்த சுமார் 20 ரூபாய் வட்டி விற்பவருக்குச் சொந்தம். அதையும் சேர்த்து 970 கட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் 950ஐயே கணக்கில் போட்டு, முதல் வட்டி ஒன்பது மாதத்தில் முழுதாக 80 வருகிறது என்று எழுதினால் விடை 9.90 சதவீதம் என்று அள்ளிக் கொடுக்கும். 970ஐப் போட்டால் 9.33. அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். நீங்கள் போட்ட கணக்கு திரையில் உள்ளதைவிட இப்படித் தாராளமாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது கட்டிய முழுத் தொகையைப் போட்டீர்களா என்பதை.

கணக்கு கொஞ்சமே உதைத்தால் காரணம் அரையாண்டு வட்டியாக இருக்கலாம். மத்திய அரசுப் பத்திரங்கள் ஆண்டுக்கு இருமுறை வட்டி தருகின்றன. சந்தையில் அரையாண்டு விகிதத்தைக் கண்டுபிடித்து இரண்டால் பெருக்கிச் சொல்வது வழக்கம். 7 சதவீதம் என்று போட்டிருந்தால் அரையாண்டுக்கு 3.5. வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஆண்டுக்கு 7.12. ஆண்டுக்கு ஒரு முறை வட்டி தரும் நிறுவனப் பத்திரத்தோடு ஒப்பிடும்போது 7.12ஐத்தான் எதிரே வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஓட்டை, வரவுகள் எல்லாம் சொன்னபடி வந்தே தீரும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்வது. 8 சதவீத வட்டியில், இரண்டே ஆண்டு மிச்சமுள்ள ஒரு பத்திரம் 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதத்தில் மதிப்பு 816.67, 22இல் 791.19. இடைச்செருகினால் 21.3 சதவீதம். வங்கி வைப்பைப் போல மும்மடங்குக்கும் மேல். பார்ப்பவருக்கு வாய் ஊறும். ஆனால் 1,000 ரூபாய்ப் பத்திரத்தை இன்னொருவர் 800க்கு விற்க முன்வருகிறார் என்றால், முழுப் பணமும் வராது என்று சந்தை அஞ்சுகிறது என்பதே அதன் பொருள். முதலாண்டு 80 வந்து, இரண்டாம் ஆண்டு 1,080க்குப் பதில் 500தான் வசூலானது என்றால் அதே 800 ரூபாய்க்கான விகிதம் ஆண்டுக்குக் கழித்தல் 15.8 சதவீதம். இதற்கு ஊகம்கூட வேண்டாம், இருபடிச் சமன்பாடே விடை தந்துவிடும்.

விலை முன்கூட்டி எச்சரித்தால் நல்லது. எப்போதும் எச்சரிக்காது. ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனத்துக்கு 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை தர நிறுவனங்கள் ஏ.ஏ.ஏ. என்ற உச்ச மதிப்பைத்தான் கொடுத்திருந்தன. செப்டம்பரில் அது கடனைக் கட்டத் தவறியது, மதிப்பு டி என்ற அடிமட்டத்துக்குப் போனது. அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் வாங்கும்போது பார்த்த ஒய்.டி.எம். எண்கள் தசம இடம் வரை சரியாகப் போடப்பட்டவையாகத்தான் இருந்திருக்கும். வராமல் போனது அந்தக் கணக்கில் வரவாக எழுதியிருந்த பணம்.